மேசையும் நிழலும் நீங்கித் தாள் மட்டும்: கைபேசியில் எடுத்த ஆவணப் படத்துக்கு எந்த வழி ஏற்றது?

வெளிநாட்டு விசாவுக்கோ, பல்கலைக்கழக அனுமதிக்கோ, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளருக்கோ ஓர் ஆவணத்தை அனுப்ப வேண்டிய நேரத்தில் கொழும்பில் பலர் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். கையில் இருப்பது கைபேசியில் எடுத்த ஒரு படம். அதில் தாளைச் சுற்றி மேசையும், தாளின் மேல் படம் எடுத்தவரின் கை நிழலும் விழுந்திருக்கின்றன. தாள் மட்டும் தெரியும்படி அதைச் சீராக்க, கைபேசியிலேயே வெட்டினால் போதுமா, ஸ்கேன் செயலி வேண்டுமா, கணினியில் உட்கார வேண்டுமா, அல்லது காலி வீதியில் உள்ள ஒரு கொமியூனிகேஷன் கடைக்குப் போய்விடுவதே நல்லதா என்பதுதான் கேள்வி.

ஒப்பிடத் தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மேசையை அகற்றுவதும் நிழலை அகற்றுவதும் ஒரே வேலை அல்ல. மேசை போக வேண்டுமானால், சாய்வாகத் தெரியும் தாளை நேரான செவ்வகமாக மாற்ற வேண்டும். அது வடிவம் சார்ந்த வேலை. நிழல் போக வேண்டுமானால், தாளின் ஒரு பகுதியில் குறைந்துபோன ஒளியை மற்றப் பகுதிக்குச் சமப்படுத்த வேண்டும். எவ்வளவு வெட்டினாலும் அது நடக்காது. படத்தை வெட்டிவிட்டு “இன்னும் அழுக்காகத் தெரிகிறதே” என்று சொல்பவர்கள், முதல் வேலையைச் செய்துவிட்டு இரண்டாவதன் பலனை எதிர்பார்க்கிறார்கள்.

## எவற்றை வைத்து அளப்பது

முதலாவது, நான்கு மூலைகளும். தாளின் நான்கு மூலைகளும் முழுமையாகத் தெரிய வேண்டும், ஆனால் மேசை சிறிதும் தெரியக் கூடாது. ஆவணத்தைச் சரிபார்ப்பவர்கள் மூலை வெட்டுப்பட்ட படத்தை, ஏதோ மறைக்கப்பட்டிருக்கலாம் என்ற ஐயத்துடனேயே பார்ப்பார்கள்.

இரண்டாவது, தாளின் உண்மையான நீள அகல விகிதம். ஏ4 தாள் 210 மில்லிமீற்றர் அகலமும் 297 மில்லிமீற்றர் நீளமும் கொண்டது. அகலத்தைப் போல் நீளம் 1.414 மடங்கு. சீராக்கிய படத்திலும் இதே விகிதம் இருக்க வேண்டும்.

மூன்றாவது, நிழல் போகும்போது எழுத்தும் சேர்ந்து போகாதிருத்தல். மங்கிய நீல மையும், ஊதா நிற இறப்பர் முத்திரையும், தமிழ் எழுத்தின் மேல் உள்ள புள்ளியும் நிழலோடு சேர்ந்து காணாமல் போகக் கூடியவை.

நான்காவது, அந்தப் படம் யார் கையில் தங்குகிறது என்பது. பிறந்த திகதி, பெற்றோர் பெயர், அடையாள அட்டை இலக்கம் ஆகியவை இருக்கும் தாளை நாம் எங்கெங்கு விட்டுவருகிறோம் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

## எடுத்துக்காட்டுக்கு ஒரு படம்

எல்லா வழிகளையும் ஒரே படத்தின் மேல் வைத்துப் பார்ப்போம். வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டில், கூரையில் உள்ள ரியூப் லைட்டின் கீழ், மர மேசை மேல் வைத்து எடுத்த பழைய பிறப்புச் சான்றிதழ் ஒன்று. ஏ4 தாள், கையால் நிரப்பப்பட்ட எழுத்து, கீழே வட்டமான ஊதா முத்திரை. படம் 3000 பிக்சல் அகலம், 4000 பிக்சல் உயரம். மேசையின் ஒரு பக்கத்தில் நின்று சற்றே சாய்த்து எடுத்ததால், தாளின் தொலைவான மேல் விளிம்பு சுமார் 2200 பிக்சலாகவும், அருகிலுள்ள கீழ் விளிம்பு சுமார் 2540 பிக்சலாகவும் பதிவாகியுள்ளன. இடது மேல் மூலை படத்தின் இடது ஓரத்திலிருந்து 412 பிக்சலில் இருக்க, இடது கீழ் மூலை 250 பிக்சலில் இருக்கிறது. ஆக, நம் முன் இருப்பது செவ்வகம் அல்ல. கீழே விரிந்த ஒரு நாற்கோணம். விளக்குக்கும் தாளுக்கும் நடுவே கைபேசியும் கையும் நின்றதால், தாளின் கீழ்ப் பாதியில் மென்மையான, விளிம்பு தெளிவற்ற நிழல் படர்ந்துள்ளது.

## வழி ஒன்று: கைபேசியின் படத் தொகுப்பில் நேராக வெட்டுதல்

எல்லாக் கைபேசிகளிலும் உள்ளது, சில நொடிகளில் முடிவது, படம் வெளியே எங்கும் போகாதது. ஆனால் சாதாரண வெட்டுச் சட்டம் செவ்வக வடிவமானது; நம் தாளோ நாற்கோணம். இதனால் இரண்டில் ஒன்றை இழக்க நேரிடுகிறது.

தாள் முழுவதும் அடங்க வேண்டுமென்று 250ஆவது பிக்சலில் இடது விளிம்பை வைத்தால், மேல் மூலையில் 162 பிக்சல் அகலத்துக்கு மேசை ஆப்பு வடிவில் தெரியும். தாளின் அளவில் அது சுமார் 15 மில்லிமீற்றர். மேசை தெரியவே கூடாதென்று 412ஆவது பிக்சலில் வெட்டினால், கீழ் மூலையில் தாள் ஏறத்தாழ 13 மில்லிமீற்றர் பறிபோகும். பழைய படிவங்களில் ஓர வெளி பெரும்பாலும் ஒரு விரலளவுதான். எனவே கீழ்வரிகளின் முதல் எழுத்துகள் போய்விடும், அல்லது ஓரத்தில் இருக்கும் இலக்கம் பாதியாகும்.

ஐபோனின் படத் தொகுப்பில், வெட்டும் பகுதியிலேயே நெடுக்காகவும் குறுக்காகவும் சாய்வைத் திருத்தும் வசதி இருக்கிறது. சாய்வு சிறிதாக இருந்தால் அதைக் கொண்டு ஆப்பைப் பெருமளவு குறைக்கலாம். ஆனால் கண்ணளவில் நகர்த்துவதால் நான்கு மூலைகளும் ஒரே வேளையில் சரியாக அமைவது கடினம்.

நிழலுக்கு இந்த வழியில் தீர்வே இல்லை. ஒளியைக் கூட்டினால் நிழல் பகுதி சற்று வெளுக்கும், அதே அளவில் மேல் பாதியும் வெளுத்து அங்குள்ள மங்கிய மை மறைந்துவிடும். கைபேசியைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து, சாளர ஒளியில் நிழலின்றி எடுத்த படத்துக்கு மட்டுமே இந்த வழியைப் பரிந்துரைப்பேன். அப்படி எடுத்திருந்தால் இதைவிட நல்ல வழியும் இல்லை, ஏனெனில் எழுத்தின் மேல் எந்த மாற்றமும் நடப்பதில்லை.

## வழி இரண்டு: ஸ்கேன் செயலி

கூகுள் டிரைவ் செயலியில் உள்ள ஸ்கேன் வசதியும், ஐபோனின் நோட்ஸ் செயலியில் உள்ள ஆவண ஸ்கேனும் இந்த வகை. இவை தாளின் விளிம்பைத் தாமே கண்டுபிடித்து, நான்கு மூலைகளையும் இழுத்துச் செவ்வகமாக்கி, விரும்பினால் நிழலையும் வெளுக்கின்றன. தாள் உங்கள் கையில் இருக்கிறதென்றால், எடுத்த படத்தோடு போராடாமல் இதைக் கொண்டு மீண்டும் எடுப்பதே பெரும்பாலோருக்கு ஏற்றது. இருந்தாலும், இவை தவறும் இடங்கள் மூன்று உண்டு.

முதலில் விளிம்பு. செயலி தாளைக் கண்டுபிடிப்பது, பெரும்பாலும் தாளுக்கும் பின்னணிக்கும் இடையிலான வேறுபாட்டைக் கொண்டே. வெள்ளைத் தரையோட்டின் மேல் வெள்ளைத் தாளை வைத்தால் அது தடுமாறும். பூப்போட்ட பிளாஸ்டிக் மேசை விரிப்பில் வைத்தால் விரிப்பின் கோடு ஒன்றைத் தாளின் விளிம்பாக எடுத்துக்கொள்ளும். மடித்து வைத்திருந்த பழைய காணி உறுதியாக இருந்தால், மடிப்பின் நிழற்கோட்டோடு தாள் முடிந்துவிட்டதாகக் கருதி மீதியை வெட்டிவிடும். கருநீலமோ கறுப்போ ஆன ஒரே நிறத் துணியைக் கீழே விரித்தால் இவற்றில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மூலைப் புள்ளிகளை விரலால் இழுத்துத் திருத்தும் திரையைத் தவிர்க்காமல், ஒவ்வொரு மூலையையும் பெரிதாக்கிப் பார்த்த பிறகே சேமியுங்கள்.

அடுத்தது விகிதம். இது கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை, அதனால்தான் இதில் சற்று நிற்கிறேன். நம் எடுத்துக்காட்டுப் படத்தில் மேல், கீழ் விளிம்புகளின் சராசரி 2370 பிக்சல். இரு பக்க விளிம்புகளின் சராசரி 3125 பிக்சல். அவற்றின் விகிதம் 1.32. உண்மையான தாளின் விகிதமோ 1.414. சாய்த்து எடுக்கும்போது தாளின் நீளம் சுருங்கித் தெரிவதே காரணம். விளிம்புகளின் நீளத்தை மட்டும் பார்த்துச் செவ்வகமாக்கும் செயலி, தாளை ஏறத்தாழ 7 சதவீதம் குட்டையாக்கிவிடும். மறுபக்கம், எதைக் கொடுத்தாலும் ஏ4 அளவுக்குப் பொருத்தும் செயலி, 216க்கு 356 மில்லிமீற்றர் அளவுள்ள லீகல் தாளைக் குறுக்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க அளவுகோல் தேவையில்லை. தாளில் உள்ள வட்ட முத்திரையைப் பாருங்கள். 40 மில்லிமீற்றர் வட்டம் உயரத்தில் 37 ஆகச் சுருங்கினால், முட்டை வடிவம் கூர்ந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும். கைபேசியைத் தாளுக்கு இணையாகப் பிடித்து மீண்டும் எடுத்தால் இந்தக் குறை தானே நீங்கும்.

மூன்றாவது, நிழல் நீக்கும் வடிகட்டி. கறுப்பு வெள்ளைத் தெரிவு பளிச்சென்று தெரிவதால் பலர் அதைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் அது ஒவ்வொரு பிக்சலையும் கறுப்பு அல்லது வெள்ளை என்று தீர்ப்பளித்துவிடுகிறது. மங்கிய நீல மையில் எழுதிய பெயர் இடையிடையே அறுந்துபோகும். ஊதா முத்திரை திட்டுத்திட்டான கறுப்பாகி, போட்டோகொப்பியில் விழுந்த கறையைப் போலத் தோன்றும். தமிழ் ஆவணத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. தாளில் உள்ள தூசிப் புள்ளிகளை நீக்கும் அதே கணக்கு, எழுத்தின் மேல் உள்ள புள்ளியையும் தூசியாக எண்ணி நீக்கிவிடலாம். “செல்வன்” என்பது “செலவன” என்று நின்றால், அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பவர் என்ன செய்வார்? ஆகவே நிறத்தோடு வெளுக்கும் தெரிவு இருந்தால் அதையே எடுங்கள். அதன் பிறகும் நிழல் சாம்பல் நிறமாகச் சிறிது எஞ்சினால், எஞ்சட்டும்.

## வழி மூன்று: கணினியில் மூலைகளைக் குறித்துச் சீராக்குதல்

தாள் உங்களிடம் இல்லை, யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ உள்ள உறவினர் அனுப்பிய படம் மட்டுமே இருக்கிறது, மீண்டும் எடுக்கச் சொல்லவும் இயலாது என்றால் இந்த வழியே கைகொடுக்கும். எழுத்து மங்கியும் முத்திரை நிறத்தோடும் இருக்கும் ஆவணங்களுக்கும் இதைத்தான் நான் முதலில் நாடுவேன், ஏனெனில் ஒவ்வொரு படியும் நம் கையில் இருக்கிறது. GIMP என்ற இலவச மென்பொருளில் எங்கள் எடுத்துக்காட்டுப் படம் இவ்வாறு சீராகும்.

Perspective கருவியை எடுத்து, அதன் தெரிவுகளில் Direction என்பதை Corrective (Backward) என்றும், Clipping என்பதை Clip என்றும் வையுங்கள். நான்கு பிடிகளையும் தாளின் நான்கு மூலைகளில் கொண்டுபோய் நிறுத்தி Transform அழுத்தினால், தாள் படச் சட்டம் முழுவதையும் நிரப்பும். மேசை அப்போதே போய்விடும். படம் இப்போது 3000க்கு 4000 ஆக இருப்பதால் தாள் சற்றுக் குட்டையாகத் தெரியும். அதைத் திருத்த Scale Image திறந்து, அகலத்தையும் உயரத்தையும் இணைக்கும் சங்கிலிக் குறியைப் பிரித்துவிட்டு, அகலம் 2400, உயரம் 3394 என்று கொடுங்கள். இதுதான் ஏ4 விகிதம். முத்திரை மீண்டும் வட்டமாவதைக் கண்ணாலேயே காணலாம். 2400 என்ற எண்ணை எடுத்ததற்குக் காரணம், மூலப் படத்தில் தாளின் சராசரி அகலம் ஏறக்குறைய அவ்வளவே. அதைவிடப் பெரிதாக்கினாலும் புதிய நுணுக்கம் எதுவும் வந்துவிடாது. அங்குலத்துக்கு 290 பிக்சல் அளவில் அமையும் இந்தப் படம், கடையில் 300இல் செய்யும் ஸ்கேனுக்கு அருகில் நிற்கும்.

நிழலை இதற்குப் பிறகே தொட வேண்டும். மேசையின் கரிய நிறம் படத்தில் இருக்கும்போது நிழலை மதிப்பிட்டால், தாளின் ஓரங்கள் தவறாக வெளுக்கும். Duplicate Layer மூலம் படத்தின் ஒரு நகலை மேலே வைத்து, அந்த நகலுக்கு மட்டும் Gaussian Blur கொடுங்கள். அளவு 40 பிக்சல் அளவில் தொடங்கலாம். எழுத்துகள் கரைந்து, வெளிச்சம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்பது மட்டும் மூட்டமாக எஞ்சும். பிறகு அந்த நகலின் Mode என்பதை Divide ஆக்குங்கள். கீழுள்ள படத்தின் ஒவ்வொரு புள்ளியும் அதன் சுற்றுப்புற ஒளியால் வகுக்கப்படுவதால், நிழலில் இருந்த தாளும் வெளிச்சத்தில் இருந்த தாளும் ஒரே வெண்மைக்கு வந்துவிடும். மை தன் சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு கருமையாக இருந்ததோ, ஏறக்குறைய அந்த அளவு கருமை அப்படியே நிற்கும்.

இதற்கும் எல்லை உண்டு. படர்ந்த நிழல் நன்றாகப் போகும். சாளரக் கம்பியின் நிழலைப் போலக் கூர்மையான விளிம்புள்ள நிழலோ, விளிம்பு இருந்த இடத்தில் ஒரு கோட்டை விட்டுச்செல்லும். தாளில் ஒட்டிய புகைப்படம் போன்ற பெரிய கரும்பகுதிகளும் இந்தக் கணக்கில் வெளிறிவிடும். அத்தகைய ஆவணத்தில் நிழலைத் தொடாமல், மேசையை மட்டும் நீக்கி அனுப்புவதே நேர்மையானது.

மறைவான செலவு இங்கே படம் வந்துசேரும் பாதையில் இருக்கிறது. உறவினர் வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால், அது வழியில் சுருக்கப்படும். நீளப் பக்கம் 1600 பிக்சல் ஆனால், தாளுக்குக் கிடைப்பது அங்குலத்துக்கு ஏறத்தாழ 107 பிக்சல்தான். அரை மில்லிமீற்றர் புள்ளி ஒன்று இரண்டு பிக்சலுக்குள் அடங்கிவிடும். பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. படத்தை ஆவணமாக, அதாவது Document என்ற தெரிவில் இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்போது மூல அளவு அப்படியே வரும்.

## வழி நான்கு: கடையில் கண்ணாடித் தட்டு ஸ்கேனர்

தாள் கண்ணாடியில் தட்டையாக அமர்வதால் சாய்வு இல்லை. விளக்கு உள்ளேயே நகர்வதால் கை நிழலும் இல்லை. விகிதமும் தானே சரியாக இருக்கும். தரத்தை மட்டும் பார்த்தால் மற்ற மூன்றையும்விட இதுவே மேல்.

ஆனால் சிறிய ஸ்கேனர்களின் கண்ணாடி பெரும்பாலும் ஏ4 நீளத்தோடு முடிந்துவிடும். லீகல் தாளில் எழுதிய உறுதியை வைத்தால் அடிப்பகுதி, அதாவது கையொப்பங்கள் இருக்கும் பகுதியே, வெளியே நிற்கும். ஏ3 தாள் வைக்கக்கூடிய பெரிய போட்டோகொப்பி இயந்திரம் உள்ள கடையாகப் பாருங்கள். பழைய தாளைத் தானாக இழுத்துக்கொள்ளும் தட்டில் போட விடாதீர்கள். மடிப்பில் கிழிந்தால் அது திரும்ப வராது. நிறத்தில், 300 அளவில் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் சாம்பல் நிறத்தில் எடுத்துக் கொடுத்துவிடக் கூடும்.

இந்த வழியின் பெரிய செலவு பணமல்ல, தனியுரிமை. கோப்பு கடைக் கணினியில் தங்குகிறது. வட்ஸ்அப்பில் அனுப்பினால் கடையின் கைபேசியிலும் தங்குகிறது. பெற்றுக்கொண்டதும் உங்கள் முன்னிலையிலேயே அழிக்கச் சொல்வது முறைதான்; கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

## பக்கத்தில் பக்கமாக

| வழி | மேசை நீங்குமா | விகிதம் | நிழல் | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| நேராக வெட்டுதல் | நேர் மேலிருந்து எடுத்திருந்தால் மட்டும் | எடுத்தபடியே நிற்கும் | நீங்காது | ஓர எழுத்துகள் |
| ஸ்கேன் செயலி | நீங்கும், மூலைகளைப் பார்க்க வேண்டும் | சாய்வு கூடினால் தவறலாம் | நீங்கும் | மங்கிய மை, முத்திரை நிறம், புள்ளி |
| கணினி | முழுமையாக நீங்கும் | நாமே குறிக்கலாம் | படர்ந்த நிழல் நீங்கும் | நேரம், பழக்கம் |
| கடை ஸ்கேனர் | பிரச்சினையே எழாது | சரியாக இருக்கும் | இருக்காது | தனியுரிமை, நீளமான தாள் |

## யாருக்கு எது

தாள் கையில் இருக்கிறது, அச்சிட்ட தெளிவான எழுத்து, இன்றிரவே பதிவேற்ற வேண்டும் என்றால் ஸ்கேன் செயலியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விளக்கின் கீழ் எடுக்காமல் பகலில் சாளரத்தருகே, நேரடி வெயில் படாத இடத்தில், கருந்துணியின் மேல் வைத்து எடுங்கள். சற்றுப் பின்வாங்கி இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் உங்கள் நிழலும் தாளிலிருந்து விலகும், சாய்வின் பாதிப்பும் குறையும். பிளாஸ்டிக் உறையிட்ட சான்றிதழாக இருந்தால் பிளாஷ் விளக்கை அணைத்துவிடுங்கள். அதன் பளிச்சிட்ட வட்டத்துக்குள் போன எழுத்தை எந்த வழியும் திருப்பித் தராது.

தாள் தொலைவில் இருந்தால் கணினி வழி. கையெழுத்தும் முத்திரையும் உள்ள பழைய சான்றிதழ், தாளும் உங்களிடமே, அவசரமும் இல்லை என்றால் நான் கடை ஸ்கேனரையே தேர்வேன். அதன் அருகில் வரக்கூடியது கணினி வழி மட்டுமே.

எந்த வழியில் வந்த கோப்பாயினும், அனுப்பும் முன் மூலத் தாளையோ முதலில் எடுத்த படத்தையோ பக்கத்தில் வைத்து மூன்று இடங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள்: முத்திரை வட்டமாக இருக்கிறதா, ஆவணத்துக்குரியவரின் பெயரில் உள்ள புள்ளிகள் எல்லாம் நிற்கின்றனவா, இலக்கங்களில் 3உம் 8உம், 1உம் 7உம் ஒன்றோடொன்று மயங்காமல் தெரிகின்றனவா. விண்ணப்பத் தளம் கோப்பின் அளவுக்கு வரம்பு வைத்திருந்தால், பிக்சல்களைக் குறைப்பதற்கு முன் ஜேபெக் தரத்தை 80 அளவுக்கு இறக்கிப் பாருங்கள். அது போதாமல் பிக்சல்களைக் குறைக்க நேர்ந்தால், இந்த மூன்று இடங்களையும் மறுபடி ஒருமுறை பார்த்த பிறகே பதிவேற்றுங்கள். மூலப் படத்தை அழிக்காமல் தனியே வைத்திருங்கள். வேறொரு அலுவலகம் வேறு அளவில் கேட்கும்போது, ஏற்கெனவே சுருக்கிய கோப்பிலிருந்து தொடங்க வேண்டியிராது.